பிளீச் போட்டும் திரும்பி வரும் பூனைக்குட்டி வயிற்றுப்போக்கு

"பதினொரு வாரமான மூன்று பூனைக்குட்டிகள், கூடவே தாயும் இருக்கிறது. ஒரு மாதமாகக் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு. ஜியார்டியா என்று ஐந்து நாள் மருந்து கொடுத்தோம், நின்றது. பத்து நாளில் மறுபடி தொடங்கிவிட்டது. இப்போது காக்சிடியா என்கிறார்கள். தினமும் பிளீச் போட்டுத் தரையைத் துடைக்கிறேன். மருந்து தவறா, நான் சுத்தம் செய்வது தவறா?"

மருந்தும் பெரும்பாலும் தவறில்லை, உங்கள் உழைப்பிலும் குறையில்லை. ஆனால் அந்த உழைப்பு தவறான இடத்தில், தவறான நேரத்தில் செலவாகிறது என்று சந்தேகிக்கிறேன். நான் கால்நடை மருத்துவர். கைவிடப்பட்ட குட்டிகள் வந்து சேரும் காப்பகம் ஒன்றுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். உங்கள் குட்டிகளை நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஆகவே கீழே உள்ளதை உங்கள் மருத்துவரிடம் பேசுவதற்கான சரக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு ஒட்டுண்ணிகளும் பேதியை உண்டாக்கும் விதத்தில் ஒத்துப்போனாலும், உடலுக்கு வெளியே வந்த பிறகு நேர் எதிரான குணம் கொண்டவை. ஜியார்டியா சிறுகுடலின் சுவரில் ஒட்டிக்கொண்டு வாழும். கீழே இறங்கும்போது தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறும். சிஸ்ட் என்று அறிக்கையில் எழுதியிருப்பது இதைத்தான். நான் கூடு என்றே சொல்கிறேன். வெளியே விழுந்த அந்த நொடியிலேயே இந்தக் கூடு அடுத்த உயிருக்குத் தொற்றத் தயார். ஆனால் அதற்கு ஈரம் வேண்டும். குளிர்ந்த ஈரத்தில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கிடக்கும். நன்றாகக் காய்ந்தாலோ சூடு பட்டாலோ செத்துவிடும்.

காக்சிடியா அப்படியில்லை. அது குடல் சுவரின் செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மலத்தில் இறங்கும் அதன் ஊசிஸ்டை முட்டை என்று சொல்வது உயிரியல்படி சரியில்லை என்றாலும், பேச்சு வசதிக்காக முட்டை என்றே வைத்துக்கொள்வோம். அந்த முட்டை வெளியே வரும்போது பச்சைக்காய். காற்றும் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிரும். நல்ல சூடான இடத்தில் ஒரு நாள்கூட ஆகாது. முதிராதவரை அதை விழுங்கினாலும் தொற்றாது. முதிர்ந்துவிட்டாலோ மாதக்கணக்கில் அசையாது. நீங்கள் ஊற்றும் பிளீச் அதன் ஓட்டை ஒன்றும் செய்யாது.

ஜியார்டியா பிறந்தவுடன் ஆபத்து, ஆனால் மென்மையானது. காக்சிடியா ஒரு நாள் தவணை தருகிறது, ஆனால் தவணை முடிந்ததும் கல்லாகிவிடுகிறது. ஒன்றுக்கு உலர்த்தல் முக்கியம், மற்றொன்றுக்குக் கடிகாரம் முக்கியம். தினம் ஒரு முறை பிளீச் துணியால் தரையைத் துடைப்பது இந்த இரண்டில் எதையுமே முழுதாகச் செய்வதில்லை. ஈரத் துணி ஜியார்டியாவை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கொண்டுபோகவும் கூடும்.

முதலில் ஜியார்டியா, பிறகு காக்சிடியா என்று இரண்டு அறிக்கைகள் வந்ததைப் பார்த்து, யாரோ தவறாகப் பார்த்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கலாம். ஜியார்டியாவின் கூடு தினமும் ஒரே அளவில் வெளிவராது. இன்று நிறைய, நாளை ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டு வரும். அதனால்தான் ஒரு மாதிரியில் இல்லை என்று வந்தால் நான் நம்புவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மூன்று மாதிரிகள் கேட்பேன். மலத்தைத் துத்தநாக சல்பேட் கரைசலில் கலக்கி மையவிலக்கியில் சுற்றி, மேலே மிதப்பதைப் பார்ப்பதே இதற்கு நம்பகமான முறை. காக்சிடியாவில் வேறொரு சிக்கல். குடல் செல்கள் உடையத் தொடங்கியதும் பேதி வந்துவிடும். முட்டை மலத்தில் தெரிய இன்னும் சில நாள் ஆகலாம். முதல் நாள் எடுத்த மாதிரியில் காக்சிடியா இல்லாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அளவும் ஏமாற்றும். பூனையைப் பிடிக்கும் காக்சிடியாவில் பெரிய இனமான சிஸ்டோஐசோஸ்போரா ஃபெலிஸின் முட்டை ஏறத்தாழ 40 மைக்ரான் நீளம். ஜியார்டியாவின் கூடு 10 மைக்ரானை ஒட்டியது. ஒரே கண்ணாடித் துண்டில் பெரியதைக் கண்டவுடன் கண் திருப்தியடைந்து சிறியதை விட்டுவிடும். பயிற்சிக் காலத்தில் எனக்கே நடந்திருக்கிறது. இன்னொன்று: ஜியார்டியாவை முதலில் கண்ட நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹூக், 1681இல் தன் சொந்த மலத்தில் அதைப் பார்த்தார், அதுவும் வயிறு சரியில்லாத நாள்களில்தான். இன்றைக்கும் அப்படித்தான். இளகிய, சூடு ஆறாத மலத்தில் உப்புநீர்த் துளி விட்டுப் பார்த்தால், கூடு கட்டாத ஜியார்டியா காற்றில் உதிரும் இலைபோல் புரண்டு நீந்துவது தெரியும். ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுபோனால் அந்த ஆட்டம் நின்றிருக்கும். ஆகவே மாதிரியை எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகிறீர்களோ அவ்வளவு நல்லது.

பத்து நாள் கழித்துத் திரும்பியது என்கிறீர்கள். அதை வைத்து எது என்று சொல்ல முடியாது. ஜியார்டியா உள்ளே போய் மலத்தில் தெரிய 5 முதல் 16 நாள். காக்சிடியாவுக்கு இனத்தைப் பொறுத்து ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பதினொரு நாள். இரண்டுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும். மருந்து அரைகுறையாகக் கொன்று, மிச்சம் மறுபடி பெருகியிருந்தாலும் இதே காலம் ஆகலாம். ஆனால் வீட்டில் தாயும் குட்டிகளும் ஒரே மணல் தட்டில் மலம் கழிக்கும்போது, மறுதொற்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஏனென்று ஒரு வீட்டின் கதையிலிருந்து சொல்கிறேன். நான்கு குட்டிகளும் தாயும் தற்காலிகமாக அங்கே தங்கியிருந்தன. உங்களுடையதைப் போலவே ஐந்து நாள் மருந்து, ஜியார்டியாவுக்கான ஃபென்பெண்டசோல். பேதி நின்றது, பன்னிரண்டாம் நாள் மறுபடி. வைத்திருந்த அம்மையார் சுத்தத்தில் என்னைவிடக் கறாரானவர். அதனால் வேறு கேள்வி எதுவும் கேட்காமல், மருந்து கொடுப்பதையும் தட்டைக் கழுவுவதையும் ஒரு முறை எனக்கு முன்னால் செய்துகாட்டச் சொன்னேன்.

மருந்துக் குப்பியை அவர் குலுக்கவில்லை. திரவத்தில் மருந்து அடியில் படிந்து கிடக்கும். மேலே உறிஞ்சினால் வெறும் தண்ணீர்தான் வரும். அடுத்து, நான்குக்கும் ஒரே அளவாக 0.3 மில்லி. அது 620 கிராம் இருந்த சின்னக் குட்டிக்காகக் கணக்கிட்டுச் சொன்ன அளவு. அந்த மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். வழக்கமான அளவு கிலோவுக்கு 50 மில்லிகிராம். சின்னக் குட்டிக்கு 31 மில்லிகிராம் என்பதால் 0.3 மில்லி சரி. பெரிய குட்டி 900 கிராம். அதற்கு 45 மில்லிகிராம், அதாவது 0.45 மில்லி வேண்டும். மூன்றில் இரண்டு பங்குதான் போயிருக்கிறது, அதுவும் குலுக்காத குப்பியிலிருந்து. இந்த வயதில் குட்டி வாரத்துக்கு நூறு கிராம்போல் ஏறும். போன வார எடைக்குக் கொடுத்த அளவு இந்த வாரம் குறைச்சல்.

தட்டின் கதை இன்னும் சுவாரசியம். காலையும் மாலையும் கட்டிகளை அள்ளினார். தட்டு முழுவதையும் கழுவியது மூன்று நாளுக்கு ஒரு முறை. வயிற்றுப்போக்கு மலம் கட்டியாக இருக்காது. மணலோடு கலந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். அள்ளுகரண்டியில் வருவது பாதிதான். மிச்சத்தில் இருந்த காக்சிடியா முட்டைக்கு முதிர மூன்று முழு நாள் கிடைத்தது. தட்டு பழைய பிளாஸ்டிக், உள்ளே நகக்கீறல்கள், விளிம்பின் அடியில் மடிப்பு. அந்த மடிப்பை விரலால் தடவிக் காட்டினேன். அவர் பேச்சே நின்றுவிட்டது.

பிறகு தாய். நன்றாகத் தின்று, பளபளவென்று இருந்தது, மலமும் கெட்டி. அதனால் யாரும் அதைச் சோதிக்கவில்லை. குட்டிகளின் பின்பக்கத்தை நாளெல்லாம் நக்கிச் சுத்தம் செய்வதும், அதே நாக்கால் அவற்றின் முகத்தைத் துடைப்பதும் அதுதான். மூன்று மாதிரிகளில் இரண்டாவதில் ஜியார்டியாவின் கூடுகள் தெரிந்தன. நீண்ட மயிருள்ள ஒரு குட்டியின் பின்னங்காலில் காய்ந்த மலம் ஒட்டியிருந்தது. அந்தக் கால் போன இடமெல்லாம் தொற்றும் போனது.

நாங்கள் மருந்தைப் புதிதாக மாற்றவில்லை. ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் எடை பார்த்து, தாய்க்கும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஃபென்பெண்டசோல் தொடங்கினோம். காக்சிடியாவுக்குத் தனி மருந்து வேண்டும். ஃபென்பெண்டசோல் அதைத் தொடாது. பழைய சல்ஃபா மருந்துகள் காக்சிடியாவைப் பெருகவிடாமல் தடுக்கும், கொல்வதில்லை. மிச்ச வேலையைக் குட்டியின் எதிர்ப்புச் சக்திதான் முடிக்க வேண்டும். அதனால்தான் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேலும் கொடுக்கச் சொல்வார்கள். பேதி நின்ற அன்றே நிறுத்தினால் திரும்பிவரும். டோல்ட்ராசுரில், பொனாசுரில் போன்றவை கொல்லும், குறைந்த நாளில் முடியும். ஆனால் இவை பெரும்பாலும் பெரிய விலங்குகளுக்கென்று அடர்த்தியாகத் தயாரிக்கப்படுபவை. ஒரு கிலோகூட இல்லாத குட்டிக்கு வீட்டில் கணக்குப் போட்டால் புள்ளி ஒரு இடம் தள்ளினாலும் பத்து மடங்கு போய்விடும். அளவை மருத்துவரே எழுதித்தரட்டும்.

சுத்தத்தில் செய்தது இது. குட்டிகளை வீடு முழுக்க விடாமல், விரிப்பு இல்லாத வழவழப்பான தரை கொண்ட ஓர் அறைக்குள் வைத்தோம். பழைய தட்டைத் தூக்கியெறிந்துவிட்டு இரண்டு எஃகுத் தட்டுகள். ஒன்று பயன்பாட்டில், மற்றொன்று காய்ந்துகொண்டிருக்கும். மணலுக்குப் பதிலாகக் கிழித்த காகிதம்; அள்ளிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் மொத்தமாகக் கட்டி எறிந்துவிடலாம். மலத்தைப் பார்த்தவுடன் எடுக்க வேண்டும். பார்க்காவிட்டாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தட்டு முழுதாக மாறும். காக்சிடியாவின் தவணையை இப்படித்தான் வெட்டினோம். வெளியே வந்த முட்டையைக் கொல்லத் தேவையே இல்லை. முதிர்வதற்குள் வீட்டைவிட்டு வெளியேற்றினால் போதும்.

எடுத்த தட்டை முதலில் சோப்பு போட்டுத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியும் அழுக்கு முழுவதும் போக வேண்டும். பிறகு கொதிக்கும் தண்ணீரை ஊற்றி அது ஆறும்வரை விடுவது. காக்சிடியாவின் முட்டைக்கு வீட்டில் இருக்கும் ஒரே நம்பகமான எதிரி சூடுதான். தரையிடுக்குகளுக்கு நீராவிக் கருவி கிடைத்தால் நல்லது. கடைசியாக, மறுமுறை பயன்படுத்தும்வரை வெயிலில் காயவிடுவது. ஈரமான தட்டில் புதிய காகிதம் போட்டால் ஜியார்டியாவுக்கு மெத்தை விரித்த மாதிரி. படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து முறுமுறுவென்று காயவைத்தோம்.

பிளீச்சை முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்று கலந்து, ஏற்கெனவே கழுவிய பரப்பில் சில நிமிடம் ஊறவிட்டு அலசினால் ஜியார்டியாவுக்கு உதவும். அழுக்கின் மேல் ஊற்றினால் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். காக்சிடியாவுக்கு அமோனியா பலன் தரும் என்று படித்துவிட்டுச் சிலர் இரண்டையும் கலக்கிறார்கள். அதிலிருந்து வரும் வாயு நுரையீரலை எரிக்கும், ஒருபோதும் வேண்டாம். பூனையின் சிறுநீரிலேயே அமோனியா உண்டு என்பதால், கழுவாத தட்டில் பிளீச் ஊற்றுவதும் நல்லதல்ல. தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் ஃபீனால் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. பாதத்தை நக்கியே உள்ளே போய்விடும். இந்தப் பேதியைவிட அந்தக் கிருமிநாசினியால் வாய் புண்ணாகி வந்த குட்டிகள் எனக்கு அதிக மனக்கஷ்டம் கொடுத்திருக்கின்றன.

பலர் விட்டுவிடுவது மயிரைத்தான். சிகிச்சையின் கடைசி நாளில் தாயையும் குட்டிகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில், குறிப்பாகப் பின்பக்கத்தையும் வால் அடியையும், பூனைக்கான ஷாம்பு போட்டுக் கழுவி, உடனே முழுதாக உலர்த்தி, புதிதாகச் சுத்தம் செய்து காயவைத்த அறையில் விட்டோம். அழுக்கு அறையில் குளிப்பாட்டி அதே அறையில் விட்டால் குளித்ததற்குப் பலனில்லை. சோர்ந்து கிடக்கும் குட்டியைக் குளிப்பாட்டவே கூடாது. உடல் குளிர்ந்தால் பேதியைவிட வேகமாகக் கொல்லும். அதற்கு ஈரத்துணியால் பின்பக்கத்தைத் துடைத்து உலர்த்தினால் போதும். ஈயையும் கரப்பானையும் எலியையும் மறக்க வேண்டாம். காக்சிடியாவின் முட்டையை இவை சுமந்துவரும். எலியைத் தின்றாலும் தொற்றும்.

அந்த வீட்டில் மூன்றாம் நாள் மலம் கூழ்ப் பதத்துக்கு வந்தது. ஒன்பதாம் நாள் நான்கில் மூன்றுக்குக் கெட்டியானது. நான் மலத்தைவிடத் தராசைத்தான் அதிகம் நம்பினேன். தினமும் பத்துப் பதினைந்து கிராம் ஏறினால், மலம் கொஞ்சம் இளகலாக இருந்தாலும் பொறுத்திருக்கலாம். நான்காவது குட்டி ஏறவில்லை. அதற்கு டிரைட்ரைக்கோமோனாஸ் என்ற மூன்றாவது ஒட்டுண்ணியைத் தேடி பிசிஆர் சோதனை செய்தோம், அதுதான் இருந்தது. அதுவும் உப்புநீர்த் துளியில் நீந்தும். அவசரத்தில் பார்ப்பவருக்கு ஜியார்டியாபோல் தெரியும். ஆனால் அது இலைபோல் உதிராது, துள்ளித் துள்ளிப் போகும். அதற்கு ஃபென்பெண்டசோல் பயன்படாது, வேறு மருந்து. உங்கள் குட்டிகளில் ஒன்று மட்டும் தேறாமல் நின்றால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லியாக வேண்டும். மலத்தில் ஒட்டுண்ணி தெரிவதால் அதுதான் பேதிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. நன்றாக இருக்கும் எத்தனையோ பூனைகள் இரண்டையும் சுமக்கின்றன. உணவை அடிக்கடி மாற்றுவது, குடற்புழு, வைரஸ் எல்லாம் இதே கோலத்தில் வரும். மருந்தும் சுத்தமும் சரியாக இருந்தும் பேதி நிற்கவில்லையென்றால், மருந்தை மறுபடி மறுபடி கூட்டாமல் காரணத்தை மறுபடி தேட வேண்டும். ஜியார்டியாவுக்குச் சொட்டு வைத்துப் பார்க்கும் ஆன்டிஜென் பட்டைச் சோதனை குணமான பிறகும் வாரக்கணக்கில் ஆம் என்றே காட்டக்கூடும். அதைத் துரத்தி மருந்து கொடுப்பது குடலைக் கெடுக்கும். மறுசோதனை வேண்டுமென்றால் சிகிச்சை முடிந்து ஓரிரு வாரம் கழித்து, மிதக்கவைக்கும் முறையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

பூனையின் இந்தக் காக்சிடியா மனிதரைப் பிடிக்காது. ஜியார்டியாவில் பூனைக்கே உரிய வகைதான் பூனைகளில் அதிகம். ஆனால் மனிதருக்கும் வரும் வகையும் சில சமயம் இருக்கும். தட்டைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும். கைக்குழந்தையோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ வீட்டில் இருந்தால் தட்டு வேலை அவர்கள் பக்கம் போக வேண்டாம். கர்ப்பிணிகள் வேறு ஒட்டுண்ணி காரணமாகவும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

உங்கள் மூன்றையும் இன்றே நிறுத்து எடை எழுதிவையுங்கள், தாயின் மலத்தையும் சோதனைக்குக் கொடுங்கள், தட்டை மாற்றும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து வையுங்கள். குட்டி வாந்தி எடுத்தாலோ, பால் தொடாமல் படுத்துவிட்டாலோ, மலத்தில் ரத்தம் அதிகமாகத் தெரிந்தாலோ, கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் உடனே பழையபடி படியாமல் நின்றாலோ, இதில் எதற்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டிகள் என்றால் பேன்லுகோபீனியா என்ற ஆபத்தான வைரஸ் நோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதன் முன்னால் காக்சிடியா பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம்.